வைரஸ் பரிசோதகர் நிரல் "OK" என்று சொன்ன கோப்பு, நிலுவைக் கோப்புறையில் எச்சரிக்கை எழுப்பியது ஏன்?

இளநிர்வாகி | ஜூன் 3, காலை 10:20

எங்கள் தளத்தில் வெளியார் ஏற்றும் கோப்புகள் அளவு, வகை, வைரஸ் என்ற மூன்று சோதனைகளையும் கடந்த பிறகே நிலுவைக் கோப்புறைக்குள் வருகின்றன. பரிசீலகர்கள் அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஏற்கவோ மறுக்கவோ செய்கிறார்கள். நேற்று ஒரு பரிசீலகர் நிலுவையிலிருந்த ஜிப் கோப்பு ஒன்றை விரித்தபோது, அவருடைய கணினியில் உள்ள வைரஸ் தடுப்பான் எச்சரித்து உள்ளிருந்த வேர்ட் ஆவணத்தைத் தடுத்துவிட்டது. சர்வரில் கிளாம்ஏவி என்ற வைரஸ் பரிசோதகர் நிரல் இயங்குகிறது. அந்தக் கோப்புக்கு அது `OK` என்றுதான் பதில் தந்திருக்கிறது, பதிவேட்டில் பார்த்துவிட்டேன். ஜிப்பின் அளவு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு, எங்கள் வரம்போ 20 மெகாபைட். தெரிந்த வைரஸ்களை அடையாளம் காணக் கிளாம்ஏவி வைத்திருக்கும் கையொப்பப் பட்டியல் பலவீனமானது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வேறு பரிசோதகருக்கு மாறிவிடலாமா?

வலைவடிவமைப்பாளர் | ஜூன் 3, காலை 11:05

பரிசோதகரை மாற்றும் முன் வகைச் சோதனையைக் கவனியுங்கள். பெயரின் பின்னொட்டையும் உலாவி அனுப்பும் `Content-Type` தலைப்பையும் நம்பினால் எதுவும் உள்ளே வந்துவிடும், ஏனெனில் இரண்டையும் அனுப்புபவரே எழுதுகிறார். கோப்பின் முதல் பைட்டுகளைப் படிக்க வேண்டும். ஜேபெக் `FF D8 FF` என்று தொடங்கும்; பிஎன்ஜி `89 50 4E 47` என்றும், பிடிஎஃப் `%PDF-` என்றும் தொடங்கும். இதைச் செய்துவிட்டால் தீங்கான கோப்பு வேறு வேடத்தில் வருவதற்கு வழியே இல்லை.

ஓவிய ஆவணர் | ஜூன் 3, பகல் 12:40

அளவு வரம்புதான் சிக்கல் என்றால் எங்களுக்கும் அது இருந்தது. பழைய ஓவியங்களின் டிஃப் படிமங்கள் பெரியவை. எங்கள் வலைச் சேவையகமான என்ஜின்எக்ஸ், கோப்பு மிகப் பெரியது என்று 413 பிழையோடு திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. `client_max_body_size` என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 1 மெகாபைட்தான். அதை உயர்த்தியதும் எல்லாம் சரியாக ஏறுகின்றன.

நெடுநாள் நிர்வாகி | ஜூன் 3, மாலை 4:15

ஓவிய ஆவணர் சொல்வது கோப்பு ஏறாமல் நின்றுபோகும் சிக்கல். இங்கே கேள்வி அதற்கு நேர்மாறானது: ஏறக்கூடாதது ஏறியிருக்கிறது. ஆயினும் அளவு வரம்பு என்ற சொல்லை அவர் எடுத்தது நல்லதாயிற்று, காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கையொப்பப் பட்டியலைக் குறை சொல்வதற்கு முன், அந்த ஜிப்பைத் திறக்காமலே `unzip -v` கொண்டு அதன் உள்ளடக்கப் பட்டியலை மட்டும் பார்த்து, உள்ளிருக்கும் ஆவணத்தின் விரிந்த அளவு என்ன என்று இங்கே எழுதுங்கள். உங்கள் சோதனை ஸ்கிரிப்ட்டில் பரிசோதகரை அழைக்கும் வரிகளையும் காட்டுங்கள்.

இளநிர்வாகி | ஜூன் 3, மாலை 5:30

விரிந்த அளவு 540 மெகாபைட்டுக்குச் சற்று மேல். சுருக்க விகிதம் 100 விழுக்காடு என்று காட்டுகிறது. ஸ்கிரிப்ட் இது:

```sh
if clamdscan --no-summary "$f" | grep -q FOUND; then
  mv "$f" /srv/reject/
else
  mv "$f" /srv/pending/
fi
```

நெடுநாள் நிர்வாகி | ஜூன் 3, இரவு 9:50

இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. முதலில் கோப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு வேர்ட் ஆவணம் 540 மெகாபைட் இருப்பதற்கு இயல்பான காரணம் அரிது. அப்படி இருந்தாலும் அது ஒரு மெகாபைட்டுக்குள் சுருங்காது, ஏனெனில் ஆவணத்தைப் பெரிதாக்கும் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஜிப் பயன்படுத்தும் டிஃப்ளேட் முறையில் ஒரு பைட் அதிகம் போனால் ஏறத்தாழ 1,032 பைட்டுகளாக விரியும். 540 மெகாபைட்டை 1,032 ஆல் வகுத்தால் அரை மெகாபைட்டுக்குச் சற்று மேல் வருகிறது. உங்கள் கோப்பு அந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது என்றால், ஆவணத்தின் பெரும்பகுதி ஒரே பைட்டின், பெரும்பாலும் பூஜ்யத்தின், தொடர்ச்சி என்று பொருள். சிறிய தீங்கான ஆவணத்தின் பின்னால் பூஜ்யங்களைக் கொட்டி ஊதவைத்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் எமோடெட் என்ற தீநிரல் பரவியபோது இதே முறை பயன்பட்டது: 500 மெகாபைட்டைத் தாண்டிய வேர்ட் ஆவணங்கள் சிறிய ஜிப்புகளுக்குள் வந்தன.

ஊதவைப்பதன் நோக்கம், பரிசோதகரின் வரம்பைத் தாண்டுவது. கிளாம்ஏவியில் `MaxFileSize` என்ற அமைப்பு இருக்கிறது. பழைய பதிப்புகளில் அதன் இயல்பு மதிப்பு 25 மெகாபைட், அண்மைப் பதிப்புகளில் 100 மெகாபைட். அதைவிடப் பெரிய கோப்பு பரிசோதிக்கப்படாது என்று ஆவணக்குறிப்பே சொல்கிறது, அந்த விதி வெளிக்கோப்புக்கு மட்டுமன்றி ஜிப்புக்குள் இருக்கும் கோப்புகளுக்கும் பொருந்தும் என்றும் சொல்கிறது. இயல்பு அமைப்பில் இப்படி விடப்பட்ட கோப்புக்கும் கிடைக்கும் பதில் `OK` தான். ஆகவே உங்கள் பதிவேட்டில் உள்ள சொல்லுக்கு "பார்த்தேன், தீங்கில்லை" என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. "பார்க்க வேண்டிய வரம்புக்குள் எதுவும் கிடைக்கவில்லை" என்பதும் அதே சொல்லாகவே வெளிவருகிறது. வேறு பரிசோதகருக்கு மாறினாலும் அதற்கும் ஒரு வரம்பு இருக்கும். அந்த வரம்பு எங்கே இருக்கிறது, அதைத் தாண்டினால் என்ன பதில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மாறுவதால் பயனில்லை.

ஸ்கிரிப்ட்டைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதுவரை `pending` கோப்புறைக்குப் போகும் நகர்த்தலை நிறுத்திவையுங்கள். அதில் உள்ள குறை இந்த ஜிப்பைவிடப் பெரியது.

வலைவடிவமைப்பாளர் | ஜூன் 4, காலை 8:30

நான் சோதித்துப் பார்த்தேன். வைரஸ் பரிசோதகர்களைச் சோதிக்க உதவும் தீங்கற்ற ஐகார் கோப்பின் பின்னால் 5 மெகாபைட் பூஜ்யங்களைச் சேர்த்துக் கொடுத்தேன். கிளாம்ஏவி `OK` என்றது. 5 மெகாபைட் எந்த வரம்பையும் தாண்டவில்லையே! ஆகவே வரம்பு காரணமல்ல, பரிசோதகர்தான் பலவீனம்.

நெடுநாள் நிர்வாகி | ஜூன் 4, காலை 9:45

அந்தச் சோதனையிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஐகார் என்பது 68 எழுத்துகள் கொண்ட சரம். கோப்பு அந்தச் சரத்தோடு தொடங்க வேண்டும், அதற்குப் பின் வெற்றிடக் குறிகள் மட்டுமே வரலாம், மொத்தம் 128 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரையறை. பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்தவுடனே அது ஐகார் கோப்பாக இருப்பதில்லை. அதைக் கண்டுகொள்ளாத பரிசோதகர் வரையறைப்படி சரியாகவே நடந்திருக்கிறது.

வரம்பைச் சோதிக்க வேண்டுமென்றால் ஐகாரைத் தொடாமல், அதன் பக்கத்தில் ஒரு நிரப்புக் கோப்பை வைத்துச் சுருக்காமல் ஜிப் கட்டுங்கள்:

```sh
head -c 150M /dev/urandom > filler
zip -0 big.zip eicar.com filler
clamscan big.zip
```

நிரப்பு 1 மெகாபைட்டாக இருக்கும்போது ஒரு முறை, 150 மெகாபைட்டாக இருக்கும்போது ஒரு முறை செய்து பாருங்கள். இரண்டிலும் உள்ளிருக்கும் ஐகார் ஒன்றே, மாறுவது வெளி அளவு மட்டும். கடைசியில் காட்டப்படும் தொகுப்பில் `Data scanned` என்ற வரியையும் கவனியுங்கள். பெரிய கோப்பு விடப்பட்டிருந்தால் அங்கே பூஜ்யம் இருக்கும்.

வகையைப் பற்றி நீங்கள் முன்பு சொன்னது பாதி சரி. முதல் பைட்டுகள் பின்னொட்டைவிட நம்பத்தக்கவை, ஆனால் அவை கோப்பின் வெளிக்கூட்டை மட்டுமே சொல்கின்றன. ஜிப் `50 4B 03 04` என்று தொடங்கும், டாக்எக்ஸ் ஆவணமும் அப்படியே தொடங்கும், மேக்ரோ எனும் உள்நிரல் கொண்ட டாக்எம் ஆவணமும் அப்படியே தொடங்கும். மூன்றும் ஜிப் கூடுகளே. மேக்ரோ வேண்டாம் என்பது உங்கள் விதியானால், கூட்டுக்குள் இருக்கும் `[Content_Types].xml` என்ற கோப்பை எடுத்து, அதில் `macroEnabled` அல்லது `vbaProject` என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெயரை வைத்து `vbaProject.bin` இருக்கிறதா என்று மட்டும் தேடுவது போதாது, உள்ளிருக்கும் பகுதிக்கு வேறு பெயரும் வைக்கலாம்.

வலைவடிவமைப்பாளர் | ஜூன் 4, காலை 11:20

செய்தேன். சிறியதில் `FOUND`, பெரியதில் `OK`, பரிசோதித்த அளவு பூஜ்யம். வரம்பைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். இருந்தாலும் படங்களை மட்டும் ஏற்கும் தளத்துக்கு முதல் பைட்டுகள் போதும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

நெடுநாள் நிர்வாகி | ஜூன் 4, பகல் 1:10

படங்களுக்கும் போதாது. பிஎன்ஜி கோப்பின் தலைப்பகுதியில் அகலமும் உயரமும் எழுதப்பட்டிருக்கும். 50,000 க்கு 50,000 என்று அறிவித்து ஒரே நிறத்தை நிரப்பிய படம் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கும், ஆனால் சிறு முன்காட்சி தயாரிக்க அதை விரிக்கும் நிரல் புள்ளிக்கு 3 பைட் வீதம் 7.5 கிகாபைட் நினைவகத்தைக் கேட்கும். அது வைரஸ் அன்று. எந்தப் பட்டியலிலும் இருக்காது. படத்தைத் திறப்பதற்கு முன் அகல உயரங்களைப் படித்துப் பெருக்கிப் பார்ப்பதே வழி.

இனி ஸ்கிரிப்ட். `FOUND` என்ற சொல் வராவிட்டால் நிலுவைக்கு அனுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கிளாம்ஏவியின் பின்னணிச் சேவை நின்றுபோனால் `FOUND` வராது. சேவை வேறு பயனராக இயங்கி, கோப்பைப் படிக்க அனுமதியில்லாமல் போனாலும் வராது. பிழைச் செய்திதான் வரும். அந்த நேரங்களில் ஏறும் ஒவ்வொரு கோப்பும் பரிசோதனையே இல்லாமல் நேரே நிலுவைக்குப் போயிருக்கும். திரும்பும் எண்ணைப் பாருங்கள்: 0 என்றால் எதுவும் கிடைக்கவில்லை, 1 என்றால் கிடைத்தது, 2 என்றால் பிழை. எனவே போகும் இடங்களும் மூன்றாக இருக்க வேண்டும்.

```sh
clamdscan --fdpass --no-summary "$f"
case $? in
  0) mv -n "$f" /srv/pending/ ;;
  1) mv -n "$f" /srv/reject/ ;;
  *) mv -n "$f" /srv/hold/ ;;
esac
```

`--fdpass` என்பது கோப்பைத் திறந்த நிலையிலேயே சேவையிடம் கொடுக்கிறது, ஆகவே அனுமதிச் சிக்கல் எழாது. `hold` கோப்புறையைப் பரிசீலகர்கள் பார்க்கக் கூடாது. நிர்வாகி காரணத்தைத் தெரிந்து சரிசெய்த பின் அவற்றை மறுபடி சோதனைக்கு விட வேண்டும்.

இளநிர்வாகி | ஜூன் 4, மாலை 6:40

பதிவேட்டைத் தேடினேன். கையொப்பப் பட்டியல் புதுப்பிக்கப்பட்ட ஒரு நாளில் நினைவகம் போதாமல் சேவை நின்றிருக்கிறது. அன்று பிற்பகல் முழுவதும் வந்தவற்றுக்கு எதிரே பிழைச் செய்தி மட்டுமே இருக்கிறது, ஆனால் அவை எல்லாம் நிலுவையில் இருக்கின்றன. நிலுவைக் கோப்புறை முழுவதையும் மறுபடி பரிசோதனைக்கு விட்டிருக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். சில கோப்புகள் "பாதியில் அறுந்திருக்கின்றன" என்று பரிசீலகர்கள் முறையிடுகிறார்கள், சற்று நேரம் கழித்துத் திறந்தால் அதே கோப்பு முழுமையாக இருக்கிறது. பரிசோதகர் கோப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதால் இப்படி நடக்கிறதா?

பரிசீலகர் | ஜூன் 4, இரவு 8:05

நான் வேறொரு தளத்தில் இந்த மறுமுனையில் இருப்பவள். எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது, ஆனால் பாதிக் கோப்பு எங்களை எவ்வளவு அலைக்கழிக்கும் என்று தெரியும். கோப்பு கெட்டிருக்கிறது என்று குறித்து மறுத்துவிடுகிறோம். அனுப்பியவர் தம் பக்கம் சரியாக இருக்கிறது என்று சொல்லித் திரும்ப அனுப்புகிறார். இரண்டாம் முறை சரியாகத் திறக்கிறது. குற்றம் யாருடையது என்று தெரியாமலே அவரிடம் சான்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து இதற்கும் விடை சொல்லுங்கள்.

நெடுநாள் நிர்வாகி | ஜூன் 5, காலை 7:55

பரிசோதகர் கோப்பைப் பிடித்துக்கொள்வதில்லை. ஏற்றக் கோப்புறையும் நிலுவைக் கோப்புறையும் ஒரே கோப்பு முறைமையில் இருக்கின்றனவா என்று `df` கொண்டு பாருங்கள். ஒரே முறைமைக்குள் `mv` செய்வது பெயர் மாற்றம் மட்டுமே. அது ஒரே நொடிப்பில் நடக்கும், கோப்பு அங்கே இல்லாமல் இருக்கும் அல்லது முழுதாக இருக்கும். வேறு வட்டிலோ வலையமைப்புப் பகிர்விலோ நிலுவை இருந்தால் அதே `mv` நகலெடுத்தலாகவும் பிறகு அழித்தலாகவும் மாறிவிடுகிறது. நகலெடுப்பு முடியும் வரை பரிசீலகர் கண்ணில் படுவது பாதிக் கோப்பு.

சீர்செய்ய எளிய வழி, நிலுவை இருக்கும் முறைமையிலேயே பரிசீலகர் பார்க்காத இன்னொரு கோப்புறையை வைத்து, முதலில் அங்கே நகலெடுத்து, பரிசோதனையையும் அங்கேயே செய்து, கடைசியில் பெயர் மாற்றத்தால் நிலுவைக்குள் விடுவது. அப்போது பரிசோதித்த பைட்டுகளே நிலுவைக்குள் நுழைகின்றன என்ற உறுதியும் கிடைக்கும். முன்பு பரிசோதித்தது ஒன்று, நிலுவையில் கிடந்தது அதன் நகல்; இடையில் நகல் தவறினால் தெரிந்திருக்காது. ஏற்றும் நிரலுக்கு அந்த இடைக் கோப்புறையில் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது, இல்லையென்றால் பரிசோதனைக்கும் நகர்த்தலுக்கும் இடையில் உள்ளடக்கத்தை மாற்ற இடமிருக்கும்.

இளநிர்வாகி | ஜூன் 5, காலை 10:30

ஆம், நிலுவை வலையமைப்புப் பகிர்வில் இருக்கிறது. மாற்றுகிறேன். பரிசீலகர் அவர்களே, எங்கள் இடத்திலும் இப்படி மறுக்கப்பட்டவை இருக்கக்கூடும். அனுப்பியவர்களுக்கு எழுதப் போகிறேன்.

ஊதவைத்த ஜிப்புக்கு `MaxFileSize` அமைப்பை 2 கிகாபைட்டாக உயர்த்திவிட்டால் போதுமா?

நெடுநாள் நிர்வாகி | ஜூன் 5, பகல் 12:15

வேண்டாம். 2 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைக் கிளாம்ஏவியால் பரிசோதிக்கவே முடியாது, ஆகவே அனுப்புபவர் இன்னும் கொஞ்சம் ஊதினால் மறுபடி அதே நிலை. அதற்குள் உங்கள் சர்வர் ஒவ்வொரு பூஜ்யத்தையும் படித்துத் தளர்ந்திருக்கும். வரம்பு இருக்கட்டும், வரம்பைத் தாண்டியது உரக்கச் சொல்லப்படட்டும். `clamd.conf` கோப்பில் இந்த வரியைச் சேர்த்துச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்:

```
AlertExceedsMax yes
```

இனி வரம்பைத் தாண்டியவை `Heuristics.Limits.Exceeded` என்று தொடங்கும் பெயருடன் `FOUND` ஆக வரும். அதே `big.zip` கோப்பை இம்முறை `clamdscan --fdpass` கொண்டு சோதித்து உறுதிசெய்துகொள்ளுங்கள், `clamscan` இந்த `clamd.conf` கோப்பைப் படிப்பதில்லை. பெயரை வைத்துப் பிரித்து, இவற்றை `reject` கோப்புறைக்கு அனுப்பாமல் `hold` கோப்புறைக்கு அனுப்புங்கள். பெரிய கோப்பை அனுப்பியவருக்கு "வைரஸ் இருந்தது" என்று கடிதம் போவது அநியாயம்.

இதற்கு முன்னதாகவே ஜிப்பின் விரிந்த அளவை நீங்களே எண்ணுங்கள். `unzip -v` காட்டும் அளவு ஜிப்பைக் கட்டியவர் எழுதியது, அதில் பொய் எழுதலாம். உண்மையில் விரித்து, வரம்பு வந்ததும் நிறுத்த வேண்டும்:

```sh
timeout 60 unzip -p "$f" | head -c 104857601 | wc -c
```

விடை 104857601 என்று வந்தால் 100 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. வட்டில் எதுவும் எழுதப்படாது. ஜிப்புக்குள் ஜிப் இருந்தால் இது முதல் அடுக்கை மட்டுமே எண்ணும். 42 கிலோபைட் அளவுள்ள `42.zip` அடுக்கடுக்காக விரிந்து 4.5 பெட்டாபைட் ஆகும் என்பதை நினைவில் வைத்து, உள் ஜிப் இருந்தாலே நிறுத்திவைப்பதை நான் விரும்புகிறேன்.

ஓவிய ஆவணர் | ஜூன் 5, மாலை 3:20

இப்போது என் நிலை கவலை தருகிறது. வரம்பை உயர்த்தியபின் எங்கள் டிஃப் படிமங்கள் பலவும் 100 மெகாபைட்டுக்கு மேல். அப்படியானால் அவற்றில் எதையும் பரிசோதகர் பார்த்ததே இல்லையா? `AlertExceedsMax` போட்டால் எங்கள் வரத்து முழுவதும் `hold` கோப்புறையில் நின்றுவிடுமே.

நெடுநாள் நிர்வாகி | ஜூன் 5, மாலை 5:05

உங்கள் பரிசோதகர் இயல்பு அமைப்பில் இருந்தால், பார்த்திருக்காது. வாயிலின் வரம்பும் பரிசோதகரின் வரம்பும் ஒன்றையொன்று அறியாதவை; ஒன்றை உயர்த்தும்போது மற்றதையும் நோக்க வேண்டும். உங்களுக்கு `MaxFileSize` அமைப்பை உயர்த்துவது நியாயமானது, ஏனெனில் உங்கள் கோப்புகள் உண்மையாகவே பெரியவை. `MaxScanSize` அமைப்பும் அதற்கு ஈடாக உயர வேண்டும். டிஃப் அல்லாத எதற்கும் பழைய சிறிய வரம்பே இருக்கட்டும் என்று உங்கள் ஸ்கிரிப்ட்டில் வகைவாரியாகப் பிரியுங்கள்.

வலைவடிவமைப்பாளர் | ஜூன் 6, காலை 9:00

கடவுச்சொல் இட்ட ஜிப்புகளை என்ன செய்வது? பரிசோதகர் உள்ளே பார்க்க முடியாது, `OK` என்றுதான் வரும். மறுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

பரிசீலகர் | ஜூன் 6, காலை 10:45

எங்களுக்கு வரும் கடவுச்சொல் கோப்புகளில் பல, தம் அடையாள ஆவணங்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அனுப்புவன. அவர்களிடம் பூட்டை எடுத்துவிட்டு அனுப்பு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நெடுநாள் நிர்வாகி | ஜூன் 6, பகல் 2:30

`AlertEncryptedArchive yes` என்று வைத்தால் பூட்டிய ஜிப் `Heuristics.Encrypted.Zip` என்று பெயர் சொல்லி வெளிப்படும். `AlertEncryptedDoc` பூட்டிய ஆவணங்களுக்கு. கண்டுபிடிப்பது வரை தீர்ந்துவிட்டது. அதன்பின் மறுப்பதா, தனியாக வைத்துக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கித் திறந்து பரிசோதிப்பதா என்பதில் நான் வலைவடிவமைப்பாளர் பக்கம் சாய்கிறேன், ஏனெனில் கடவுச்சொல்லைக் கோப்போடு சேர்த்தே அனுப்புவது தீங்கு செய்வோரின் வழக்கம். ஆனால் பரிசீலகர் சொல்வதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இளநிர்வாகி | ஜூன் 9, காலை 9:40

நிலுவை முழுவதையும் மறுபரிசோதனை செய்து முடிந்தது. சேவை நின்ற நாளில் வந்தவற்றில் ஒன்று `FOUND`. அதைத் தவிர இன்னொன்றும் சிக்கியது: சேவை சரியாக ஓடிய நாளில் வந்தது, அளவும் சிறியது, அன்று `OK`, இன்று `FOUND`. எதனால் என்று முதலில் விளங்கவில்லை. அது வந்த நாளில் அதற்கான கையொப்பம் பட்டியலில் இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். நிலுவையில் நாள்கணக்கில் காத்திருக்கும் கோப்பை, பரிசீலகர் திறக்கும் தருணத்தில் மறுபடி பரிசோதிக்க முடியுமா என்று பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் சில நொடிகள் தாமதமாகும் என்று பரிசீலகர்கள் தயங்குகிறார்கள்.

நெடுநாள் நிர்வாகி | ஜூன் 9, காலை 11:15

திறக்கும் தருணத்தில் வேண்டாம் என்றால், பட்டியல் புதுப்பிக்கப்பட்ட பிறகு இரவில் ஒரு முறை நிலுவை முழுவதையும் விடுங்கள். காலையில் தாமதம் இருக்காது. அந்த ஓட்டத்திலும் திரும்பும் எண் 2 வந்தால் கோப்பு நிலுவையிலிருந்து `hold` கோப்புறைக்குத் திரும்ப வேண்டும்.